அதே கேள்வி, இரண்டாம் முறை

மனச்சோர்வை அளக்க மருத்துவர்கள் கையாளும் தாள்களில் PHQ-9 பெயர் பெற்றது. தூக்கம், பசி, அசதி, எதிலும் பிடிப்பில்லாமை என ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் அது எத்தனை நாள் தொந்தரவு செய்தது என்பதைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடுவார்கள், அதிகபட்சம் 27. இன்று 12 வாங்கியவர் நாளை மறுநாள் 4 வாங்கினால் எதை நம்புவது?

2001-இல் இந்தத் தாளைப் பற்றிய ஆய்வை வெளியிட்ட குரோயன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் மூவரும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். கிளினிக்கில் தாளை நிரப்பிய நோயாளிகளிடம் 48 மணி நேரத்துக்குள் மனநல வல்லுநர் போனில் அதே கேள்விகளைக் கேட்டார். இரு முறை வந்த மதிப்பெண்களுக்கும் ஒட்டுறவுக் கெழு 0.84. கெழு 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை. ஆக, 0.84 நல்ல எண்தான்.

ஏன் 48 மணி நேரம்? ஒரு மாதம் விட்டுக் கேட்டால் சிலர் தேறியிருப்பார்கள், சிலர் மோசமாகியிருப்பார்கள். கெழு இறங்கும், ஆனால் பழுது தாளில் இல்லை, ஆள்தான் மாறிவிட்டார். சீக்கிரம் கேட்டாலோ, போன தடவை சொன்னதை நினைவு வைத்து அதையே ஒப்பிப்பார்கள். கெழு பொய்யாக ஏறும். இடைவெளியைச் சொல்லாமல் கெழுவை மட்டும் சொல்லும் ஆய்வை நான் பாதிதான் நம்புவேன்.

இன்னொரு பொறியும் உண்டு. ஐந்து பேர் முதல் முறை 4, 7, 10, 13, 16 வாங்குகிறார்கள். மறுமுறை 1, 4, 7, 10, 13. எல்லோருக்கும் மூன்று புள்ளி குறைந்திருக்கிறது, ஆனாலும் கெழு சரியாக 1! யார் யாரைவிட எவ்வளவு மேலே என்பதைத்தான் அது பார்க்கிறது. எல்லோரும் ஒரேயடியாக இறங்கினால் அதன் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அந்த மூவரும் சராசரியையும் சேர்த்தே சொன்னார்கள்: முதல் முறை 5.08, மறுமுறை 5.03. சராசரியும் நகரவில்லை.

சரி, தனி ஒருவருக்கு 0.84 என்ன சொல்கிறது? மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 5 என்று வைத்துக்கொள்வோம். 1-இலிருந்து 0.84-ஐக் கழித்தால் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, 5-ஆல் பெருக்கினால் 2. ஒரு தடவை அளப்பதில் இருக்கும் தடுமாற்றம் இதுதான். இரண்டு தடவை அளந்து ஒப்பிடும்போது தடுமாற்றமும் இரண்டு பக்கமும் சேர்ந்து சுமார் 2.8 ஆகிவிடுகிறது. அதைப்போல இரு மடங்கு, அதாவது ஐந்தாறு புள்ளி மாறினால்தான் ஆள் உண்மையிலேயே மாறியிருக்கிறார் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

12-இலிருந்து 9-க்கு வந்தவரைப் பார்த்து, குணமாகி வருகிறார் என்று சொல்ல அந்த மூன்று புள்ளி மட்டும் போதாது.