டேர்ம் பாலிசி எந்த வயது வரை?

"அண்ணா, 55 வயசு வரைக்கும் போட்டா போதும்தானே? ஏஜென்ட் 85 வரைக்கும் போடச் சொல்றாரு." டீக் கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டார், என்னோடு வேலை பார்க்கும் தம்பி.

அவருக்கு 34 வயது. மனைவி வேலைக்குப் போகவில்லை. மகளுக்கு 3 வயது. வீட்டுக் கடன் 40 லட்சம், 20 வருடம், எட்டரை சதவீத வட்டி. 54 வயதில் கடன் முடியும், மகளுக்கும் 23 ஆகிவிடும். அதனால்தான் 55 என்கிறார்.

"தம்பி, முதல்ல கடனைப் பாருங்க. உங்களுது மாறும் வட்டி" என்றேன். வட்டி ஏறும்போது வங்கிகள் பெரும்பாலும் மாதத் தவணையைக் கூட்டாமல் தவணைக் காலத்தை நீட்டிவிடும். இவருடைய தவணை சுமார் 34,700 ரூபாய். தொடக்கத்திலேயே வட்டி ஒன்பதரை ஆகி, தவணை மாறாமல் இருந்தால், 20 வருடக் கடன் 25 வருடத்தையும் தாண்டி ஓடும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் 4லிருந்து 6.5 சதவீதமாக ஏறியபோது பலருடைய கடன் இப்படித்தான் நீண்டது. ஆக, 54 என்பது 60ஐ நெருங்கலாம்.

அடுத்து குடும்பம். இரண்டாவது குழந்தைக்கு யோசனை இருக்கிறது. இவருக்கு 36 வயதாகும்போது பிறந்தால், அந்தப் பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போகும் 23 வயதில் அப்பாவுக்கு 59. மனைவியின் முதுமைக்கான சேமிப்பும் 60 வரை சம்பளத்திலிருந்துதான் சேர வேண்டும். இந்த மூன்றில் கடைசியாக முடிவது எதுவோ, அதுவே பாலிசி முடியும் வயது. இவருக்கு 60. பிள்ளை வேலைக்குப் போவதோ கடனோ தள்ளிப்போனால் தாங்க இரண்டு வருடம் சேர்த்து 62.

அப்படியானால் 85? பிரீமியம் கடைசி வரை ஒரே தொகையாக இருப்பதால், முதுமைக் கால அபாயத்துக்கான விலையை இப்போதிருந்தே சேர்த்து வாங்குகிறார்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இவருடைய 85ஆம் வயதில் கிடைக்கும் 1 கோடி, இன்றைய மதிப்பில் 5 லட்சம்தான். ஆயுள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்படும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு மட்டும் இவ்வளவு நீண்ட காலப் பாலிசி பொருந்தும்.

62ஆ 65ஆ என்று தடுமாறினால் பெரியதை எடுக்கலாம். பின்னாளில் காலத்தை நீட்டப் பெரும்பாலும் வழியில்லை. 55 வயதில் புதிதாக எடுக்கப் போனால் மருத்துவப் பரிசோதனை, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று பிரீமியம் பல மடங்காகும், மறுக்கவும் செய்யலாம். குறைப்பது எளிது. பொறுப்புகள் முன்பே தீர்ந்தால் பிரீமியத்தை நிறுத்திவிடலாம், பாதுகாப்பு அதோடு முடியும். ஆனால் பாலிசி காலம் முழுக்கப் பிரீமியம் கட்டும் வகையை எடுத்தால்தான் இந்த வசதி உண்டு. பத்து வருடத்தில் கட்டி முடிக்கும் வகையில் பணம் முன்கூட்டியே போயிருக்கும்.

"அப்ப ஃபார்மில என்னண்ணா போடறது?"

"பாலிசி காலம் 28 வருஷம்னு போடுங்க. பிரீமியம் கட்டும் காலமும் அதே 28."