வெளிநாட்டில் பெட்டி வராமல் போனால்

விமானத்தில் ஒப்படைத்த பெட்டி வெளிநாட்டில் வந்து சேராவிட்டால், இழப்பீட்டுக்கு இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. ஒன்று, விமான நிறுவனத்தின் சட்டப் பொறுப்பு. மற்றொன்று, பயணி எடுத்திருக்கும் பயணக் காப்பீடு. முன்னது சர்வதேச ஒப்பந்தத்தால் வருவது. டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் உண்டு. பின்னது பாலிசியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும். இரண்டிலும் பணம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் பயணி கையில் சேரும் காகிதங்களைப் பொறுத்தது.

சர்வதேசப் பயணங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்துவது 1999-இல் உருவான மாண்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியாவில் அது 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது பெட்டி தொலைந்தாலோ சேதமானாலோ, நிறுவனத்தின் தவறைப் பயணி நிரூபிக்க வேண்டியதில்லை. பெட்டி தாமதமானால் ஏற்படும் இழப்புக்கும் நிறுவனமே பொறுப்பு. ஆனால் தாமதத்தைத் தவிர்க்க நியாயமாக எடுக்கக்கூடிய நடவடிக்கைகள் அனைத்தையும் எடுத்ததாக அது நிரூபித்தால் தப்பிக்கலாம். உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. 2024 டிசம்பர் 28 முதல் நடப்பில் இருக்கும் இந்த வரம்பு, சுமார் 2,000 அமெரிக்க டாலருக்குச் சமம். ரூபாயில் அதன் மதிப்பு நாளுக்கு நாள் சற்று மாறும். தாமதம், சேதம், தொலைவு மூன்றும் சேர்ந்து இந்த ஒரே வரம்புக்குள் அடங்கும். இது தானாகக் கைக்கு வரும் தொகை அல்ல. மெய்யான இழப்பை நிரூபித்த அளவுக்கே பணம் கிடைக்கும். அதற்கு மேல் போனால்தான் இந்த வரம்பு தடுக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் வெறும் மன வருத்தத்தை எழுதி அனுப்பும் விண்ணப்பங்கள் அதிகாரியின் மேசையில் நின்றுவிடுகின்றன.

பெட்டி வரும் பெல்ட் காலியாகி நின்றபின் பயணி செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தக் கூடத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே லக்கேஜ் கவுண்டரில் புகாரைப் பதிவு செய்வது. அங்கே தரப்படும் காகிதத்தை விமானத் துறையினர் பி.ஐ.ஆர். என்பார்கள். அதில் `CDGXX12345` போன்ற பத்து எழுத்துக் குறியீடு இருக்கும்: முதல் மூன்று எழுத்துகள் விமான நிலையத்தையும், அடுத்த இரண்டு நிறுவனத்தையும் காட்டும், மீதி ஐந்தும் வரிசை எண். உலகெங்கும் தொலைந்த பெட்டிகளைத் தேடும் வேர்ல்ட் ட்ரேசர் என்ற கணினி அமைப்பில் இந்தக் குறியீட்டை வைத்தே தேடுவார்கள். போர்டிங் பாஸில் ஒட்டியிருக்கும் டேக் ரசீதும் அதே அளவு முக்கியம். அதில் உள்ள எண்தான் பெட்டிக்கு உண்மையான அடையாளம். பெட்டியின் நிறம், அளவு, பிராண்டு ஆகியவற்றைப் பி.ஐ.ஆரில் சரியாகச் சொல்ல வேண்டும். ‘கறுப்புப் பெட்டி’ என்று மட்டும் சொன்னால் தேடுபவருக்கு உதவாது.

இணைப்பு விமானங்களில் பயணித்தால் எந்த நிறுவனத்திடம் போவது என்ற குழப்பம் வரும். புகாரைப் பதிவு செய்ய வேண்டியது கடைசியாகப் பறந்து வந்த நிறுவனத்திடம். ஆனால் ஒரே டிக்கெட்டில் பல நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்திருந்தால், முதல் நிறுவனம், கடைசி நிறுவனம், பெட்டி எதனிடம் தொலைந்ததோ அந்த நிறுவனம் ஆகிய எதன் மீதும் கோரிக்கை வைக்க ஒப்பந்தம் இடம் தருகிறது. ‘எங்களிடம் தொலையவில்லை, முந்தையவரிடம் கேளுங்கள்’ என்ற பதிலைப் பயணி ஏற்க வேண்டியதில்லை.

ஒரு பயணியின் கணக்கை உதாரணமாக எடுத்துக்கொண்டால் மற்றவை விளங்கும். சென்னையிலிருந்து வளைகுடா வழியாக ஒரே டிக்கெட்டில் பாரிஸ் செல்லும் ஒருவர், ஜனவரி 5 காலை அங்கே இறங்குகிறார். பத்து நாள் பயிற்சிக்காக வந்தவர். பெட்டி வரவில்லை. பி.ஐ.ஆரை வாங்கிக்கொண்டு, செலவுக்கு நிறுவனம் என்ன தரும் என்று கவுண்டரிலேயே கேட்கிறார். சில நிறுவனங்கள் பல் துலக்கி, சோப்பு அடங்கிய ஒரு சிறு பை தரும். சில, அங்கேயே சிறு தொகை தரும். பல, பில்லை வைத்துப் பிறகு கேளுங்கள் என்று சொல்லும். அன்று மாலைக்குள் அவர் வாங்கியவை: பற்பசை, சோப்பு, ஷேவிங் சாமான்கள் 17 யூரோ, உள்ளாடையும் சாக்ஸும் 48, பயிற்சிக்குப் போட்டுச் செல்லச் சட்டையும் கால்சட்டையும் 75, குளிருக்கு ஒரு கோட்டு 110, கூடவே ஒரு வாசனைத் திரவியம் 40. மொத்தம் 290 யூரோ.

நிறுவனம் இந்தப் பில்களைப் பார்ப்பது ஒரே கேள்வியோடு: பெட்டி வராததால் இந்தப் பொருள் தேவைப்பட்டதா? முதல் மூன்றுக்கும் தயக்கமின்றி ஆம். ஜனவரிப் பாரிஸில் கோட்டும் தேவைதான். ஆனால் பெட்டி வந்தபின்னும் பயணியிடமே இருந்து பயன்தரும் பொருள் என்று சொல்லிச் சில நிறுவனங்கள் பாதித் தொகையையே தருகின்றன. வாசனைத் திரவியம் தள்ளுபடி. ஆக 17, 48, 75, பாதிக் கோட்டு 55 சேர்த்து 195 யூரோ. இதில் பயணிக்கு உதவியது ஒரு சிறு வழக்கம்: ஒவ்வொரு பில்லிலும் தேதியும், கடையும், பொருளின் பெயரும் தெரியும்படி வாங்கியது. ‘மொத்தம் 250’ என்று மட்டும் காட்டும் கார்டு ஸ்லிப் போதாது. வெப்பத்தில் அச்சாகும் பில்களின் மை சில மாதங்களில் மங்கிவிடும். அன்றைக்கே படம் எடுத்து வைத்துவிட வேண்டும். வேண்டாத பொருளைத் தேவையான பொருளோடு ஒரே பில்லில் சேர்க்காமல் தனியாக வாங்கினால், பரிசீலிப்பவரின் ஐயமும் குறையும்.

இந்த இடத்தில் காலக்கெடு நுழைகிறது. தாமதத்துக்கான எழுத்துக் கோரிக்கை, பெட்டி பயணியின் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் போக வேண்டும். பெட்டி சேதமாக வந்தால் 7 நாள்தான். பி.ஐ.ஆரே கோரிக்கை என்று நினைத்துச் சும்மா இருப்பது பலரைக் கவிழ்க்கும் தவறு. பி.ஐ.ஆர். தகவல் பதிவு, பணம் கேட்கும் கடிதம் வேறு. நிறுவனத்தின் இணையப் படிவத்திலோ மின்னஞ்சலிலோ அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பயணியின் பெட்டி வரவே இல்லை. வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கழிந்தாலோ, அதற்கு முன்பே தொலைந்துவிட்டதாக நிறுவனம் ஒப்புக்கொண்டாலோ, தாமதம் என்ற கணக்கு மாறித் தொலைவு என்ற கணக்காகும். ஜனவரி 26-உடன் அந்த 21 நாள் கழிகிறது. இப்போது அவர் பெட்டிக்குள் இருந்தவற்றின் முழுப் பட்டியலைத் தர வேண்டும்: பொருள், வாங்கிய ஆண்டு, விலை, ஆதாரம். வாங்கிய விலையில் அவர் கணக்கு 1,10,000 ரூபாய். நிறுவனம் பயன்படுத்திய காலத்துக்கான தேய்மானத்தைக் கழித்து 70,000 என்று மதிப்பிடுகிறது. துணிகளுக்குப் பில் இல்லாத இடங்களில் வங்கிக் கணக்கு அறிக்கை, இணையக் கடை ஆர்டர் விவரம், பழைய புகைப்படம் ஆகியவை கைகொடுக்கின்றன. 9,000 ரூபாய் மதிப்பிட்ட ஒரு சூட்டுக்கு மட்டும் ஆதாரம் எதுவும் இல்லாததால் அது நீங்குகிறது. நிறுவனம் 61,000 தருகிறது. பெட்டியில் இருந்த குளிர் கோட்டுக்கான தொகை இதிலேயே அடங்குவதால், பாரிஸில் வாங்கிய கோட்டின் மறுபாதியை மீண்டும் கேட்க முடியாது. ஒரே இழப்பை இருமுறை எண்ணுவது ஆகும்.

நகை, ரொக்கம், லேப்டாப், கேமரா, முக்கிய ஆவணங்கள் ஆகியவற்றை ஒப்படைத்த பெட்டியில் வைக்க வேண்டாம் என்று நிறுவனங்கள் தம் விதிகளில் எழுதி வைத்திருக்கின்றன. அவற்றுக்கான கோரிக்கைகளைப் பெரும்பாலும் மறுக்கின்றன. விலை உயர்ந்த பொருளை அனுப்பியே தீர வேண்டுமென்றால், பெட்டியை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தி வரம்பை உயர்த்திக்கொள்ள ஒப்பந்தத்தில் வழி உண்டு. பெட்டி தொலைந்தபின் அந்தக் கதவு மூடிவிடும்.

இனிக் காப்பீடு. இந்தியப் பயணப் பாலிசிகளில் ‘பெட்டித் தாமதம்’, ‘பெட்டித் தொலைவு’ என்று இரண்டு பிரிவுகள் தனித்தனியாக இருக்கும். தாமதப் பிரிவு பல பாலிசிகளில் 12 மணி நேரம் போன்ற ஒரு காத்திருப்புக்குப் பிறகே பேச்சுக்கு வரும். இந்தியாவுக்குத் திரும்பும் பயணத்தில் ஏற்பட்ட தாமதத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. விமானம் இறங்கிய நேரமும், பெட்டி வந்த நேரம் அல்லது இன்னும் வரவில்லை என்ற தகவலும் அடங்கிய கடிதத்தை நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாமல் காத்திருப்பு நேரத்தை நிரூபிக்க முடியாது. தொலைவுப் பிரிவில் உள்வரம்புகள் உண்டு: மொத்தத் தொகையில் ஒரு பெட்டிக்கு 50 சதவீதம், ஒரு பொருளுக்கு 10 சதவீதம் என்பது அடிக்கடி காணப்படும் அளவு.

காப்பீட்டாளர், விமான நிறுவனம் எவ்வளவு தந்தது என்று முதலில் கேட்பார். நிறுவனம் தந்ததைக் கழித்த மிச்சம்தான் அவர் பார்வைக்கு வரும். நம் பயணிக்கு அந்த 9,000 ரூபாய் சூட் மிச்சம். தையல்காரரிடம் நகல் பில் வாங்கி அனுப்புகிறார். அவர் பாலிசியில் தொலைவுக்கான மொத்த வரம்பு 500 டாலர். ஒரு பொருளுக்கு 50 டாலர். எனவே கிடைப்பது நாலாயிரத்துச் சொச்சம் மட்டும். இந்த நகல் பில்லை விமான நிறுவனத்திடம் முதலிலேயே தந்திருந்தால் தேய்மானம் போக முழு 9,000-மும் கேட்டிருக்கலாம். ஆனால் 61,000-ஐப் பெறும்போது ‘இதோடு என் கோரிக்கைகள் அனைத்தும் தீர்ந்தன’ என்ற கடிதத்தில் கையெழுத்திட்டிருந்தால், பிறகு திரும்பிப் போவது கடினம். ஆகவே எல்லா ஆதாரமும் சேரும்வரை அத்தகைய கடிதத்தில் கையெழுத்திடாமல் இருப்பதே நல்லது.

நிறுவனம் பதில் தராவிட்டால் அல்லது மறுத்தால், விமானம் சேருமிடத்துக்கு வந்து சேர்ந்த அல்லது சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அதன்பின் உரிமை இல்லை. மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் செய்வதும், கடிதப் போக்குவரத்து நீள்வதும் இந்த இரண்டு ஆண்டுகளை நிறுத்தி வைக்காது. இந்தியாவில் வாங்கிய டிக்கெட் என்றால் இங்குள்ள நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். காப்பீட்டாளர் மறுத்தால், முதலில் அவரது குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். பதில் திருப்தி தராவிட்டாலோ ஒரு மாதத்தில் பதிலே வராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அவருக்குச் சென்னையில் அலுவலகம் உண்டு, கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.