கடலோரக் கணக்குகள் – 9: அறை கொள்வதும் ஐஸ் தாங்குவதும்

நாகப்பட்டினத்திலிருந்து 5 நாள் தங்கு கடலுக்குப் போகும் சிறு விசைப்படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மீன் அறை 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். மொத்தம் 6 கன மீட்டர். மீனும் ஐஸும் சரிக்குச் சரி அடுக்கினால், ஒரு டன் மீனுக்குச் சுமார் 2 கன மீட்டர் இடம் வேண்டும். ஆக, அறை கொள்வது 3 டன் மீன். அதற்கு 3 டன் ஐஸ், அதாவது 50 கிலோ கட்டியில் 60 கட்டி. பெரும்பாலோர் கணக்கை இத்தோடு முடித்துவிடுகிறார்கள்.

30 டிகிரியில் கிடக்கும் ஒரு கிலோ மீனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர 300 கிராம் ஐஸ் போதும். சரிக்குச் சரி கேட்பது, குளிர்ந்த மீனைக் கரை சேரும்வரை ஐஸ் மூடியே இருக்க வேண்டும் என்பதற்காக. ஆனால் மீன் ஏறுவதற்கு முன்பே அறை தன் பங்கைத் தின்னத் தொடங்கிவிடும். 10 செ.மீ. ஃபோம் ஈரமில்லாமல் இருந்தால், சுவர் வழியாக நாளைக்கு 40 கிலோ உருகும். மூடியைத் திறந்து மூடுவது, இன்ஜின் பக்கத்துச் சூடு, நனைந்துபோன ஃபோம் எல்லாம் சேர்ந்தால் 100 கிலோ என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 5 நாளில் 500 கிலோ போய்விடும். எனவே அறை 3 டன் கொண்டாலும், ஐஸ் தாங்குவது இரண்டரை டன்தான்.

அப்படியானால் இன்னும் 10 கட்டி ஏற்றினால் என்ன? உடைத்த ஐஸ் டன்னுக்கு ஏறக்குறைய ஒன்றரை கன மீட்டர் அடைக்கும். 60 கட்டியில் அறையின் முக்கால் பங்கு நிரம்பிவிடும். 70 கட்டி ஏற்றினால் 1 கன மீட்டர்கூடக் காலியாக இருக்காது. முதல் நாளே பெரிய பாடு விழுந்தால், ஐஸை வாரி ஒதுக்கி மீனை அடுக்க இடமிராது; மீன் மேல்தட்டில் வெயிலில் கிடக்கும். அந்த மீனுக்குப் பிறகு எவ்வளவு ஐஸ் போட்டாலும் விலை திரும்பாது. 60 கட்டியோடு நின்று, இரண்டரை டன்னுக்குத் திட்டமிடுவதே சரி என்பேன்.

அறையைப் பலகை வைத்து மூன்றாகத் தடுத்திருந்தால் கணக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிளம்பும்போது இரண்டு தடுப்பு நிறைய ஐஸ். மூன்றாவதில் அடிப்படுக்கை மட்டும். முதல் மீன் அங்கே போகும். நடுத் தடுப்பிலிருந்து ஐஸை வாரி, ஒரு வரிசை மீன், ஒரு வரிசை ஐஸ் என்று இடுவார்கள். மூன்றாம் நாள் மாலை 1 டன் மீன் உள்ளே இருந்தால், நடுத் தடுப்பில் பெரும்பகுதி காலியாகியிருக்கும். மீதி ஐஸ் 1.7 டன். இன்னும் 2 நாள் உருகலுக்கு 200 கிலோவைக் கழித்தால், பிடிக்கக்கூடியது ஒன்றரை டன்.

அந்த மாலையிலேயே நடுத் தடுப்போடு முதல் தடுப்பும் பாதி இறங்கியிருந்தால், 5 நாளை மறந்துவிட வேண்டும். இன்ஜின் பக்கச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். ஐஸ் சுவரை விட்டு விலகி இடைவெளி விழுந்திருந்தால், முதலில் கெடப்போவது அந்தப் பக்கத்து மீன். அங்கே ஒரு சாண் கனத்துக்குப் புது ஐஸ் திணித்துவிட்டு, அடுத்த வலையை விடாமல் கரைக்குத் திரும்ப வேண்டும்.