இருபத்தைந்து பேர், ஆறு கட்டம்

ஒரு வகுப்பில் 25 மாணவர்கள். ஒரு மாதத்தில் அவர்கள் எடுத்த விடுப்பைத் தேர்வில் இப்படிக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்:

விடுப்பு நாள் (x): 0, 1, 2, 3, 4, 5
மாணவர் எண்ணிக்கை (f): 2, 8, 6, 7, 1, 1

கண்ணுக்குத் தெரிவது ஆறு கட்டங்கள்தான். ஆனால் உள்ளே இருப்பது 25 எண்கள்: 0 இரண்டு தடவை, 1 எட்டு தடவை என்று. நிகழ்வெண் பட்டியல் என்பது இடத்தை மிச்சப்படுத்தச் சுருக்கி எழுதிய வரிசை. இதை மறந்தால் நான்கு விடைகளுமே தவறிப்போகும்.

சராசரிக்கு ஒவ்வொரு x-ஐயும் அதன் f-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்: 0+8+12+21+4+5 = 50. இதை 25 ஆல் வகுத்தால் 2 நாள். பலர் கட்டங்களை எண்ணி 6 ஆல் வகுத்துவிடுகிறார்கள், 8.33 வரும். அதிகபட்ச விடுப்பே 5 நாள் என்னும்போது சராசரி எட்டைத் தாண்டுமா? விடையைப் பட்டியலோடு ஒப்பிட்டாலே பிழை தெரிந்துவிடும்.

முகடு 1. இங்கே 8 என்று எழுதுபவர்கள் ஏராளம். 8 என்பது மாணவர் எண்ணிக்கை. அதிகம் பேர் எடுத்த விடுப்பு எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

இடைநிலை அளவுக்கு, 25 பேரையும் விடுப்பு நாள் ஏறும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் 13-ஆவது ஆள் வேண்டும். குவிவு நிகழ்வெண் 2, 10, 16 என்று ஏறுகிறது. பத்தாவது ஆளோடு 1 நாள் எடுத்தவர்கள் முடிந்துவிட்டார்கள். 13-ஆவது ஆள் அடுத்த கட்டத்தில் இருக்கிறார். விடை 2.

திட்ட விலக்கத்தில்தான் மதிப்பெண் அதிகம் பறிபோகிறது. ஒவ்வொரு x-இலிருந்தும் சராசரி 2-ஐக் கழித்தால் −2, −1, 0, 1, 2, 3. வர்க்கப்படுத்தினால் 4, 1, 0, 1, 4, 9. இவற்றை அப்படியே கூட்டினால் 19 வரும், அது தவறு. சராசரியிலிருந்து ஒரு நாள் குறைவாக எடுத்தவர்கள் எட்டுப் பேர் இருக்கும்போது அந்த 1 எட்டு தடவை சேர வேண்டாமா? மீண்டும் f-ஆல் பெருக்குங்கள்: 8+8+0+7+4+9 = 36. இதை 25 ஆல் வகுத்தால் 1.44, அதன் வர்க்கமூலம் 1.2 நாள்.

பட்டியல் 0–10, 10–20 என்று பிரிவு இடைவெளியில் இருந்தால், ஒவ்வொரு பிரிவின் மைய மதிப்பை x ஆகக் கொண்டு சராசரியும் திட்ட விலக்கமும் காணலாம். அவை தோராய விடைகள்தான்; பிரிவுக்குள் ஒவ்வொருவரின் உண்மையான எண் நமக்குத் தெரியாது.

வர்க்கப்படுத்தும் முன் விலக்கங்களை f-ஆல் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள்: −4−8+0+7+2+3 = 0. சராசரியைத் தோராயமாக்காமல் எடுத்திருந்தால் இந்தக் கூட்டுத்தொகை எப்போதும் பூச்சியம்தான். வராவிட்டால் அங்கேயே நின்று, முதலில் சராசரியைச் சரிபாருங்கள்.