எத்தனை வாங்கலாம், எங்கே வெளியேறலாம்?

1983-இல் சிகாகோவின் பிரபல வர்த்தகர் ரிச்சர்ட் டென்னிஸுக்கும் அவருடைய கூட்டாளி வில்லியம் எக்ஹார்ட்டுக்கும் ஒரு வாக்குவாதம். சந்தையில் சம்பாதிக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுக்க முடியுமா, அது பிறவியிலேயே வர வேண்டியதா? முடியும் என்றார் டென்னிஸ். பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார். சில வாரப் பயிற்சி தந்து, தன் பணத்தையே அவர்களிடம் கொடுத்து வர்த்தகம் செய்யச் சொன்னார். ‘டர்ட்டில்ஸ்’ என்று பெயர் பெற்ற அந்த மாணவர்களின் விதிகள் பின்னாளில் வெளியே வந்தன. எந்தப் பொருளை வாங்கினாலும் எத்தனை வாங்குவது, நஷ்டத்தை எங்கே வெட்டுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவற்றில் ஒரே எண்தான் விடை.

அந்த எண்ணின் பெயர் ஆவரேஜ் ட்ரூ ரேஞ்ச், சுருக்கமாக ஏடிஆர். வெல்ஸ் வைல்டர் 1978-இல் எழுதிய புத்தகத்தில் இதை அறிமுகப்படுத்தினார். ஒரு பொருளின் விலை ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதை இது சொல்லும். மேலேயா கீழேயா என்று சொல்லாது.

அன்றைய உச்ச விலையிலிருந்து தாழ்ந்த விலையைக் கழித்தால் போதாதா? ஹீட்டிங் ஆயில் நேற்று 80 சென்ட்டில் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். இன்று 82-இல் திறந்து, 83 வரை ஏறி, 81.90-க்குக் கீழே இறங்கவே இல்லை. இன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே 1.10 சென்ட்தான். ஆனால் நேற்று மாலை விற்றுவிட்டு இருந்தவருக்கு விலை 3 சென்ட் எதிராகப் போயிருக்கிறது. இரவோடிரவாக நடந்த அந்தத் தாவலையும் சேர்க்கத்தான் முந்தைய நாள் முடிவு விலையையும் வைல்டர் கணக்கில் கொண்டுவந்தார். அதன்படி இன்றைய ட்ரூ ரேஞ்ச் 3 சென்ட். அவர் 14 நாள் சராசரி எடுத்தார். டர்ட்டில்ஸ் 20 நாள் எடுத்து, அதற்கு ‘என்’ என்று பெயர் வைத்தார்கள்.

இனி கணக்கு. ஒருவரிடம் 10 லட்சம் டாலர் இருக்கிறது. ஹீட்டிங் ஆயிலின் ஏடிஆர் 1.41 சென்ட். ஒரு கான்ட்ராக்ட் 42,000 கேலன். ஆக, ஒரு கான்ட்ராக்டின் மதிப்பு ஒரு சாதாரண நாளில் சுமார் 592 டாலர் அசையும். அந்த ஒரு நாள் அசைவு மொத்தப் பணத்தில் 1 சதவீதத்தை, அதாவது 10,000 டாலரைத் தாண்டக் கூடாது என்பது விதி. 10,000-ஐ 592-ஆல் வகுத்தால் 16.89 வரும். பின்னத்தை விட்டுவிட்டு 16 கான்ட்ராக்ட் வாங்கலாம்.

ஸ்டாப் லாஸ், வாங்கிய விலையிலிருந்து இரண்டு ஏடிஆர் கீழே, அதாவது 2.82 சென்ட் தள்ளி. தினமும் 1.41 சென்ட் ஆடும் சந்தையில் 1 சென்ட் தள்ளி ஸ்டாப் வைத்தவர், விலை கடைசியில் அவர் நினைத்த பக்கமே போனாலும், வழக்கமான ஆட்டத்திலேயே வெளியே தள்ளப்படுவார். 2.82 சென்ட்டில் ஸ்டாப் அடிபட்டால் 16 கான்ட்ராக்டுக்கும் சேர்த்து நஷ்டம் சுமார் 18,950 டாலர். இது 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

சில மாதம் கழித்துச் சந்தை கொந்தளித்து, ஏடிஆர் இரண்டு மடங்காகி 2.82 சென்ட் ஆகிறது. அப்போது புதிதாக வாங்குகிறவர் ஸ்டாப்பை 5.64 சென்ட் தள்ளி வைப்பார். அதே கணக்கைப் போட்டால் 8 கான்ட்ராக்ட்தான் வரும். ஸ்டாப் அடிபட்டால் நஷ்டம் அதே 18,950 டாலர். பலர் தவறுவது இங்கேதான்: ஸ்டாப்பை மட்டும் அகலமாக்கிவிட்டு 16 கான்ட்ராக்டையே வாங்கினால், நஷ்டம் 37,900 டாலராகிவிடும்.

இந்தக் கணக்குக்கும் ஒரு கண் பின்னால்தான் இருக்கிறது. ஏடிஆர் கடந்த நாட்களின் சராசரி. சந்தை பல வாரம் அடங்கிக் கிடந்தால் எண் சிறுத்து, வாங்கும் அளவு பெருக்கும். அந்த நேரத்தில் பெரிய செய்தி வந்தால், கையில் சரக்கு அதிகமாக இருக்கும்போதே அடி விழும். விலை ஸ்டாப்பைத் தொடாமல் ஒரேயடியாகத் தாண்டிக் குதித்தால், 2 சதவீதக் கணக்கும் நிற்காது. 1987 அக்டோபர் 19-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்த மறுநாள் வட்டி விகித ஃப்யூச்சர்ஸ் அப்படித்தான் தாவின. வட்டி ஃப்யூச்சர்ஸை விற்று வைத்திருந்த டர்ட்டில்ஸுக்குப் பலத்த நஷ்டம் என்று அவர்களில் ஒருவரான கர்ட்டிஸ் ஃபெய்த் பதிவு செய்திருக்கிறார்.

அதனால்தான் அவர்கள் ஏடிஆரை மட்டும் நம்பியிருக்கவில்லை. மேலே போட்ட கணக்கில் வருவது ஒரு ‘யூனிட்’. ஒரே பொருளில் 4 யூனிட்டுக்கு மேல் கூடாது. ஹீட்டிங் ஆயிலும் கச்சா எண்ணெயும் போலச் சேர்ந்தே நகரும் பொருள்களில் மொத்தம் 6-தான். பணம் 10 சதவீதம் கரைந்தால், கணக்கில் 20 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும். 10 லட்சம் 9 லட்சமானவர் 8 லட்சம் என்றே வைத்துக் கணக்குப் போடுவார். 1.41 சென்ட் ஏடிஆரில் முன்பு 16 வாங்கியவருக்கு அப்போது கிடைப்பது 13 கான்ட்ராக்ட்.