பேனா ஸ்டாண்டுக்கு நாலு வரி

முப்பரிமாண அச்சில் பேனா ஸ்டாண்ட் செய்து ஆன்லைனில் விற்கும் சிறு வியாபாரிகள் பலர், விவரக்குறிப்பில் ‘உயர்தரப் பிளாஸ்டிக்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். வாங்குபவருக்கு அதிலிருந்து என்ன தெரியும்?

பெரும்பாலும் அது பிஎல்ஏ. சோள மாவுச்சத்திலிருந்தோ கரும்புச் சர்க்கரையிலிருந்தோ தயாராவது. சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் கோணிப்போகும். வெந்நீரில் கழுவினாலும் அதே கதிதான்.

விரலால் தடவினால் மெல்லிய வரிகள் தட்டுப்படும். அவை பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர் உயரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்குகள். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், ‘கீறல் விழுந்த பொருள்’ என்று பார்சல் திரும்பி வரும்.

நேர்மையான குறிப்பு இப்படி இருக்கலாம்: “பிஎல்ஏ, பளபளப்பில்லாத கறுப்பு. அச்சு வரிகள் தெரியும், அது குறையல்ல. ஈரத்துணியால் துடைத்தால் போதும். வெந்நீரும் ஜன்னல் வெயிலும் ஆகாது.”