நானூற்றைம்பதா, ஐந்நூறா?

கல்யாணப் பத்திரிகைக் கடையில் ஆல்பத்தைப் புரட்டும்போது கார்டின் பின்னால் எழுதியிருக்கும் விலையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அது பெரும்பாலும் வெற்றுக் கார்டுக்கும் கவருக்குமான விலை. அச்சுக்கூலி தனி. முதல் நூறுக்கு ஒரு தொகை, அடுத்த ஒவ்வொரு நூறுக்கும் அதைவிடக் குறைந்த தொகை என்று போடுவார்கள். மேட்டர் அடித்துத் திருத்துவதும், பிளேட்டோ ஸ்கிரீனோ எடுப்பதும் ஐம்பது கார்டுக்கும் ஐந்நூறுக்கும் ஒரே வேலை. அந்தச் செலவு முழுக்க முதல் நூறின் தலையில் விழுகிறது.

விலை கடைக்குக் கடை மாறும். கணக்குப் புரிய, 500-க்குக் கீழே கார்டு 18 ரூபாய், 500 எடுத்தால் எல்லாக் கார்டும் 16 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்கூலி முதல் நூறுக்கு 1,000, பிறகு நூறுக்கு 300. உங்களுக்கு 450 தேவை. கார்டு 8,100, அச்சு 2,200, மொத்தம் 10,300. உடைந்த நூறையும் முழு நூறாகத்தான் எடுப்பார்கள். 500 வாங்கினால் கார்டு 8,000, அச்சு அதே 2,200, மொத்தம் 10,200. ஐம்பது கார்டு கூடுதலாகக் கிடைத்தும் நூறு ரூபாய் மிச்சம். இந்த விலையில் 444-ஐத் தாண்டினாலே 500 வாங்குவதுதான் லாபம். சில கடைகளில் குறைந்த விலை 500-க்கு மேற்பட்ட கார்டுகளுக்கு மட்டும்தான். அதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஒரே கார்டைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு 250 வாங்கினால் என்ன? சேர்த்து ஆர்டர் கொடுத்தால் கார்டுக்கு 500-க்கான விலை கேட்கலாம். ஆனால் அழைப்பவர் பெயர் மாறுவதால் மேட்டர் இரண்டு. அச்சுக்கூலியை இரண்டு தடவை முதல் நூறிலிருந்து தொடங்குவார்கள்: 1,600, 1,600 என்று 3,200.

கவர் விலை கார்டோடு சேர்ந்திருந்தாலும், அதன்மேல் ‘திருமண அழைப்பிதழ்’ என்றோ மணமக்கள் பெயரோ அடிப்பது தனி ஓட்டம், தனிக் கூலி. விலாசம் தப்பாக எழுதிக் கிழிப்பதற்கென்று பத்திருபது வெறும் கவர் சேர்த்து வாங்குவது நல்லது.

இனி அவசரக் கூலி. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நெருக்கத்தில் ஓடுகிற வேலையை நிறுத்தி உங்களுடையதை ஏற்றவும், ராத்திரி ஆள் வைக்கவும் ஆகிற செலவு அது. நியாயம்தான். ஆனால் எதன்மேல் போடுகிறார்கள் என்று பாருங்கள். மேலே சொன்ன 10,200-க்கு இருபத்தைந்து சதவீதம் 2,550 ரூபாய். அச்சுக்கூலிக்கு மட்டும் என்றால் 550. கடையில் இருப்பில் உள்ள கார்டுக்கு அவசரம் என்று ஒன்றும் கிடையாது; சிவகாசியிலிருந்து பார்சலில் வரவேண்டிய கார்டானால் எவ்வளவு கொடுத்தாலும் அது வந்துசேர்ந்த பிறகுதான் அச்சு.

காசு கொடுத்தும் குறைக்க முடியாதது மை காயும் நேரம். ஸ்கிரீனில் அடித்த தங்க மை ஈரமாக இருக்கும்போதே அடுக்கினால், மேல் கார்டின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். கட்டை வாங்கும்போது நடுவிலிருந்து இரண்டு மூன்றை உருவி முதுகைப் பாருங்கள், எழுத்தை விரலால் தேய்த்தும் பாருங்கள்.